எல்லாருக்கும் ஒரே கெடு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று ஏற்காட்டில் எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டுமே. உரக்கடை நடத்துகிற பொம்பளைக்கு அது கொஞ்சம் இருந்தால்தான் வண்டி ஓடும். என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் எனக்கு நேர் எதிர். இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து, ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதியவர். யாராவது குரலை உயர்த்தினால் அவர் எழுந்து நின்றுவிடுவார். எஸ்டேட் ஆபீசில் பழகின பழக்கம்.

அவர் வேலையை விட்டபோது கிடைத்த பணத்தையும் என் நகையில் பாதியையும் போட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை ஆரம்பித்தோம். யூரியா, டிஏபி, பொட்டாஷ், காப்பிச் செடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம், சுண்ணாம்பு எல்லாம் உண்டு. பலகையில் மாதாவின் பெயரை எழுதி வைத்திருந்தோம். ஊர் அதைப் படிக்கவே இல்லை. "ரைட்டர் கடை" என்று அதுவாகவே பெயர் வைத்துக்கொண்டது.

மலையில் உரக்கடைக்கு ஒரு நடைமுறை உண்டு. கடன் வாங்குகிறவர்கள் நாள் கணக்கு, மாதக் கணக்கு பார்ப்பதில்லை. கெடு என்றால் ஒன்றே ஒன்றுதான், வைகாசியில் வரும் சேர்வராயன் சாமி திருவிழா, மலைப் பேச்சில் நோம்பி. நோம்பி முடிந்து முதல் மழைக்கு உரம் எடுப்பார்கள், புரட்டாசியில் மறுபடி எடுப்பார்கள், எல்லாவற்றையும் அடுத்த நோம்பிக்கு முன்னால் தீர்ப்பார்கள். கடையில் பாக்கி வைத்துக்கொண்டு சாமி முன்னால் போய் நிற்க மாட்டார்கள். எட்டு வருஷமாக மலையூரான மாரமங்கலத்துக்காரர் ஒருவர்கூட எனக்குக் கெடு தவறியதில்லை. இதை நான் யார் முன்னாலும் நிமிர்ந்து சொல்வேன்.

அவர்கள் அப்படிக் காத்திருந்ததற்குக் காரணமும் இருந்தது. அப்போதெல்லாம் காப்பிக் கொட்டையை சர்க்காரின் காப்பி போர்டுக்குப் போட்டால் பணம் தவணை தவணையாகத்தான் வரும். பணம் எப்போது வருமோ அப்போதுதானே கடைக்கும் தர முடியும்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் எல்லாம் மாறிவிட்டது. அதற்கு முந்தின வருஷமே டிஏபிக்கும் பொட்டாஷுக்கும் சர்க்கார் விலைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. முன்பு ஒரு லோடு எடுத்த பணத்துக்கு அரை லோடுதான் வந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரிக்கும் கை இறுகிவிட்டது. முன்பு ஆறு மாதம் பொறுத்தவர், இனிமேல் அறுபது நாள்தான், அதற்கு மேல் போனால் மாதம் இரண்டு வட்டி என்று சொல்லிவிட்டார். அவர் அறுபது நாளில் கேட்கிறார், எங்களுக்கோ வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. நடுவில் இருக்கிற பள்ளத்தை எதைப் போட்டு மூடுவது? பாங்கியில் வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. மலைக்காரர்களுக்குக் கெடுவைக் குறைக்காவிட்டால் அடுத்த நோம்பிக்குக் கடை இருக்காது. குறைத்து அவர்கள் கோபித்துக்கொண்டால் இந்த நோம்பிக்கே இருக்காது. விஷயம் இவ்வளவுதான்.

"நோம்பி வரட்டும். ஒவ்வொரு ஊராப் போயி, நேர்ல உக்காந்து பேசுவோம்," என்று நான் சொல்லியிருந்தேன். அதற்குள் மகளுக்குப் பிரசவம் என்று ஆத்தூரிலிருந்து ஆள் வந்தது. பத்துப் பதினைந்து நாள் அங்கே இருந்துவிட்டுப் பேரனைக் கொஞ்சிய மனசோடு மலையேறி வந்தேன்.

வந்த மறுநாள் காலையில் மாரமங்கலத்து அங்கப்பன் கடைக்குள் வந்தார். எப்போதும் வாசலிலேயே, "ஏனுங்க ரைட்டரம்மா, சோறாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வருகிற மனுஷன். அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. துண்டில் முடிந்திருந்த பணத்தை எடுத்துத் தராசுத் தட்டின் மேல் வைத்தார்.

"எண்ணிக்குங்க."

"என்னங்கண்ணா இது? நோம்பிக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்குதே."

"நோம்பிக் கெடுவத்தான் அழிச்சுப்போட்டீங்களே. அறுவது நாளாமா. நான் பொரட்டாசில எடுத்த உரம். கணக்குப் பாத்தா அறுவது நாளு எப்பவோ தாண்டிப்போச்சு. தாண்டினா வட்டீன்னு போட்டிருக்குதுன்னு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. என்ற காளைக் கன்ன வித்துக் கொண்டாந்திருக்கறன். முடிச்சுக்குங்க."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க அப்படிச் சொன்னது?" என்றேன்.

"ரிஜிஸ்டர் தபாலு வந்துச்சுங்க. ஊருல அத்தன பேருக்கும் வந்துச்சு. தபால்காரரு கையெழுத்து வாங்கினாரு. கையெழுத்துத் தெரியாதவங்ககிட்ட ரேகை வாங்கினாரு." அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எங்கப்பன் ஒருக்கா ஒரு காயிதத்துல ரேகை வெச்சாருங்க. என்ன காயிதம்னு அவருக்குத் தெரியாது. கீழ்க்காடு போயிருச்சு. இப்ப எங்காத்தா ரெண்டு நாளாச் சோறு திங்கல. மேக்காடும் போயிருச்சுன்னு உக்காந்திருக்குது."

பணத்தை நான் தொடவில்லை. அவரும் எடுக்கவில்லை. தட்டின் மேலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. எஸ்டேட்டில் எந்த மாற்றமானாலும் எழுத்தில் போகும், கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைப்பார்கள். அதே பழக்கத்தில் டைப் அடிக்கக் கொடுத்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு மலை முழுக்க அனுப்பியிருக்கிறார். ஏப்ரல் முதல் கடன் அறுபது நாள், தவறினால் வட்டி, இப்படிக்கு உரிமையாளர். பழைய பாக்கிக்கு என்ன கெடு என்று அதில் ஒரு வரி இல்லை. ஏன் குறைக்கிறோம் என்று அரை வரி இல்லை. கையெழுத்தும் ரேகையும் வாங்கிய அட்டைகள் திரும்பி வந்து மேஜையில் ரப்பர் போட்டு அடுக்கியிருந்தன.

"எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே நாள்ல தெரியணும்னு நெனச்சேன் செல்வி. ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னு இருக்கக் கூடாதில்ல," என்றார்.

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. பக்கத்து டீக்கடையில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். மலைக்காரனுக்கு ரிஜிஸ்டர் தபால் வந்தால் அது கோர்ட்டு, இல்லையென்றால் ஜப்தி, வேறு எதுவும் கிடையாது என்று இத்தனை வருஷம் இந்த மலையில் இருக்கிற மனுஷனுக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம். ஆனாலும் அவர் நினைத்ததில் பாதி சரி என்பதும் எனக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் ஒரே கெடு என்பதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் தப்பு.

அந்த வாரம் கடைக்கு மாரமங்கலத்திலிருந்து ஒரு ஆள் வரவில்லை. பக்கத்துக் கிளியூர்க்காரர்கள் வந்தார்கள், விலையைக் கேட்டார்கள், ஒன்றும் எடுக்காமல் போனார்கள். மாரமங்கலம் என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்காமலா போகும்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அங்கப்பனின் பணத்தையும் அந்த அட்டைக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். "கெளம்புங்க," என்றேன். அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மாரமங்கலம் பஸ்ஸில் எங்களுக்குத் தெரிந்த முகம் நாலைந்து இருந்தது. ஒருவரும் எங்களைப் பார்க்கவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஊர்க்கவுண்டர் வெங்கடாசலம் வீட்டுக்குப் போனோம். அங்கே எந்தப் பேச்சானாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் ஊரில் பேச வேண்டும். போன வருஷம் வரைக்கும் நாங்கள் போனால் பலாச்சுளை வராமல் பேச்சு ஆரம்பிக்காது. அன்றைக்குத் தண்ணீர்கூட வரவில்லை. அவர் எங்களை மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். ஆளனுப்பி ஊரைக் கூப்பிட்டார். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் வந்து உட்கார்ந்தார்கள். அங்கப்பன் கடைசியில் உட்கார்ந்தார்.

"காயிதம் அனுப்பிச்சவங்க எதுக்குங்க நேருல வந்தீங்க?" என்றார் கவுண்டர்.

"காயிதம் அனுப்பினது எங்க தப்புங்க," என்றேன். "கெடுவக் கொறைக்கறது தப்பில்லீங்க. ரெண்டையும் தனித்தனியாப் பேசோணும்னுதான் வந்திருக்கறோம்."

பெண்கள் பக்கம் சலசலப்பு. ஒரு பொம்பளை வந்து நின்று இப்படிப் பேசுவாள் என்று அவர்கள் நினைக்கவில்லையோ, கையைப் பிசைந்துகொண்டு அழுவாள் என்று நினைத்தார்களோ தெரியாது. அழ நான் வரவில்லை.

முதலில் அட்டைக் கட்டைப் பிரித்தேன். "இதுல உங்க ரேகை இருக்குதுங்க. தபால் கைக்கு வந்துச்சுன்னு மட்டுந்தான் இதுக்கு அர்த்தம். காடு, நெலம், வட்டி எதுவும் இதுல கெடையாது. ஆனாலும் உங்க ரேகை எங்ககிட்ட இருக்க வேண்டாம்," என்று ஒவ்வொரு பெயராகப் படித்து அவரவர் கையில் கொடுத்தேன். அங்கப்பனின் ஆத்தா எழுந்து வந்து வாங்கிக்கொண்டு, அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு மடியில் செருகிக்கொண்டாள்.

பிறகு பணத்தை எடுத்தேன். "அங்கப்பண்ணா, இது உங்களோடது. நீங்க உரம் எடுத்தப்ப நோம்பிக் கெடுன்னு சொல்லிக் குடுத்தோம். சொன்னது சொன்னதுதான். இதுவரைக்கும் எடுத்ததுக்கெல்லாம் நோம்பிதான் கெடு, வட்டி கெடையாது. புதுசா எடுக்கப்போறதுக்குத்தான் புதுக் கெடு. கன்ன வாங்கினவன் இன்னும் அத விக்கலீன்னா போய் மீட்டுக்கிட்டு வாங்க."

அவர் உடனே வாங்கவில்லை. கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர் தலையசைத்த பிறகுதான் வாங்கினார்.

அதற்குப் பிறகு, எங்கள் நிலைமையை உள்ளபடி சொன்னேன். செவ்வாய்ப்பேட்டைக்காரர் என்ன சொன்னார், ஒரு மூட்டை முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை, நடுவில் நாங்கள் யாரிடம் வாங்கி அடைக்கிறோம், எல்லாவற்றையும். கடன் கொடுக்கிற கடைக்காரி தன் கடனைச் சொல்வது கௌரவக் குறைச்சல் என்று சிலர் நினைப்பார்கள். நான் நினைக்கவில்லை. அவர்கள் கணக்கு எனக்குத் தெரியும்போது என் கணக்கு அவர்களுக்குத் தெரிந்தால் என்ன?

"அதெல்லாஞ் செரிங்க அம்மிணி," என்று ஒரு குரல் வந்தது. காளியாயி. புருஷன் போன பிறகு ரெண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் தனியாகப் பார்க்கிறவள், எனக்குப் பத்து வயசு மூத்தவள். "நோம்பி முடிஞ்சு எடுத்தா ஆடில பணங் கேப்பீங்க. ஆடில எங்கிட்ட எங்கிருந்து பணம் வரும்? காப்பி தையிலதானே வருது?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒரு வாரம் தூங்காமல் யோசித்திருந்தேன். "முன்ன மாதிரி வருசத்து உரத்துல முக்காவாசிய மொத மழைக்கே வாங்கி அடுக்க வேண்டாங்க்கா. மொத மழைக்கு எவ்வளவு போடுவீங்களோ அத மட்டும் எடுங்க. பலாவும் பேரிக்காயும் ஆனியிலயும் ஆடியிலயும் லாரி ஏறுது. அந்தப் பணத்துல ஆடிப் பதினெட்டுக்குள்ள தீத்துருங்க. மிச்சத்தப் பொரட்டாசில எடுங்க. இப்பத்தான் காப்பியில பாதிய போர்டுக்குப் போடாம வெளிய வித்துக்கலாமே, கையில பணம் வருதே. அதுக்குப் பொங்கல் கெடு. பொரட்டாசி உரத்துக்கு அறுவது நாளுக்கு மேல ஆகுமுங்க. அந்த வித்தியாசத்த நாங்க தாங்கிக்கறோம்."

"தீக்க முடியலீன்னா?" என்று ஒருவர் கேட்டார்.

"கெடுவுக்கு முன்னால வந்து சொல்லுங்க. ஒரு மாசம் தள்ளித் தர்றோம், வட்டி கெடையாது. சொல்லாம இருந்தா பழசு தீருற வரைக்கும் புது மூட்டை கெடையாது."

காளியாயி விடவில்லை. "பொரட்டாசில எடுங்கறீங்க. போன வருசம் யூரியா இல்லீன்னு மூணு தடவ பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வெறுங்கையோட வந்தன். எங்களுக்குக் கெடு வெக்கறீங்க. உங்களுக்குக் கெடு யாருங்க வெக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குப் பிடித்தது. "நீங்களே வெய்யுங்க," என்றேன்.

"பொரட்டாசி மொத வாரத்துக்குள்ள உரம் கடையில இருக்கோணும். இல்லாட்டி ஆனி மாச வெலைக்கே, உங்க வண்டியில, இங்க கொண்டாந்து எறக்கோணும்."

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையாட்டினார். "செரிங்க்கா," என்றேன். ஊர் முழுக்கச் சிரித்தது, அன்றைக்கு முதல் தடவையாக.

சிரிப்பு அடங்கினதும் காளியாயி கடைசியாக ஒன்று கேட்டாள். "இதே கெடு எஸ்டேட்டுக்கும் உண்டுங்களா?"

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் ஒரே மாதிரி என்று சொன்ன மனுஷன், தான் வேலை பார்த்த எஸ்டேட்டுக்கு மட்டும் கடிதம் அனுப்பவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வியாபாரத்தில் மூன்றில் ஒரு பங்கு அந்த எஸ்டேட்தான். பணம் கொடுப்பதில் மலையிலேயே கடைசியும் அதுதான். அந்த ஆபீசில் கைகட்டி நின்ற மனுஷனுக்குப் போய்க் கேட்க வாய் வரவில்லை. உண்டு என்று நான் பொய் சொல்லியிருக்கலாம். ஊர் அங்கேயே சம்மதம் என்று முடிவு கட்டியிருக்கும்.

அவர் எழுந்தார். வழக்கம்போலப் பயந்து எழுந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"எஸ்டேட்டுக்கு நான் இன்னும் சொல்லலீங்க," என்றார். "சொல்லப் பயந்துக்கிட்டு விட்டுட்டேன். நாளைக்குப் போய் நானே சொல்றேன். ஆடிப் பதினெட்டுதான் அவங்களுக்கும். தவறினா அவங்களுக்கும் மூட்டை கிடையாது."

கவுண்டர் எழுந்து, "ஊருக்குச் சம்மதமுங்க," என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், "ஏனுங்க, ஊட்டுல தண்ணி கொண்டாரச் சொல்லுங்க, ரைட்டரய்யா நின்னுக்கிட்டே இருக்கறாரு," என்றார். அந்தத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மறுநாள் அவர் எஸ்டேட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "ஆகட்டும் சூசை, பாத்துக்கலாம்," என்றாராம். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை.

நோம்பிக்கு முன்னால் பழைய பாக்கி மொத்தமும் வந்தது. அங்கப்பன் கன்றை மீட்டுவிட்டார். பாக்கியை மிளகு விற்ற பணத்தில் தீர்த்தார். நோம்பி முடிந்ததும் ஒவ்வொருவரும் முதல் மழைக்கு வேண்டியதை மட்டும் எடுத்தார்கள். கிளியூர்க்காரர்களும் அதே கெடுவில் எடுத்தார்கள். அவர்களிடமும் நேரில் போய்த்தான் சொன்னோம். எஸ்டேட் லாரி வந்து ஒரு லோடு ஏற்றிக்கொண்டு போனது.

ஆடிப் பதினெட்டுக்கு முந்தின வாரம் கடை நோம்பிக் கடை மாதிரி இருந்தது. பேரிக்காய்ப் பணம் வாசனையோடு வந்தது. ஒரே ஒருவர் மட்டும் காற்றில் காய் உதிர்ந்துவிட்டது என்று முன்கூட்டியே வந்து சொன்னார், ஒரு மாதம் தள்ளிக் கொடுத்தோம். எஸ்டேட்டிலிருந்து ஆள் வரவில்லை, செக் வரவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குக் கெடு வந்தபோது எஸ்டேட் பங்கு மட்டும் துண்டு விழுந்தது. மீதியிருந்த நகையில் என் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்து அடைத்தோம். அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்த நேரம் புரட்டாசி முதல் வாரத்தில் வந்தது. சொன்ன கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே யூரியா இறங்கியிருந்தது, அந்தப் பெருமை எனக்கு. கடை வாசலில் மாரமங்கலத்து ஆட்கள் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள், அங்கப்பன் உட்பட. எஸ்டேட் லாரி வந்து நின்றது. டிரைவர் கருப்பண்ணன் இறங்கி, "ரைட்டரய்யா, அறுவது மூட்டைங்க," என்று சீட்டை நீட்டினான்.

மூட்டை தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். நானும் நின்றேன். அந்த லோடு போனால் ஊருக்குக் கொடுத்த வார்த்தை போகும். போகாவிட்டால் எஸ்டேட்டே போகும். முடியாது என்கிற வார்த்தை என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. நான் பேசினால் அது என் கோபம் என்று போய்விடும், அவர் பேச வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சீட்டை வாங்கிப் படித்தார். மடித்துக் கருப்பண்ணனிடமே கொடுத்தார்.

"டீ குடிச்சிட்டுப் போ கருப்பண்ணா. மூட்டையெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன், வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆடிப் பாக்கி வந்ததும் நானே ஏத்தி விடறேன்னு தொரைகிட்டச் சொல்லு. வணக்கம் சொன்னேன்னும் சொல்லு."

"வெறும் வண்டியா போனா என்னத் திட்டுவாருங்க."

"உன்மேல தப்பில்லைன்னு நான் சொன்னதாச் சொல்லு."

லாரி வெறுமனே திரும்பிப் போனது. அங்கப்பன் கீழே வைத்த மூட்டையை மறுபடி தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜீப் வந்து நின்றது. மேனேஜர் துரையே இறங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் கடைப் படியேறினது அதுதான் முதல் தடவை. கையில் செக் இருந்தது. என் வீட்டுக்காரர் அப்போது காளியாயிக்கு மயில்துத்தம் நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சூசை, லாரியத் திருப்பி அனுப்பிட்டயாமே?" என்றார் மேனேஜர்.

"வாங்க சார்," என்றார் என் வீட்டுக்காரர். ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. இந்தம்மா முன்னாடியே வந்துட்டாங்க. அவங்களுக்கு நிறுத்துக் குடுத்துட்டு வந்துர்றேன்."

மேனேஜர் காளியாயியைப் பார்த்தார். அவள் நகர்ந்து வழிவிடுவாள் என்று நினைத்தாரோ என்னவோ. காளியாயி தராசைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு கிலோ சேத்திப் போடுங்க ரைட்டரய்யா," என்றாள் நிதானமாக.

அவர் இன்னொரு கிலோவையும் அவசரப்படாமல் நிறுத்துப் பொட்டலம் கட்டினார். மேனேஜர் ஸ்டூலில் உட்கார்ந்தார். செக்கை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எனக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆகிறது. இந்த மனுஷனை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன், இனியும் திட்டுவேன். ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, இது என் புருஷன் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. உள்ளே போய் மேனேஜருக்குக் காப்பி போட்டேன். சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டேன்.